நானூறு கிலோவை எங்கே வைப்பது?

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஈர்ப்பியல் நடத்தும்போது இந்தக் கணக்கைத் தவறாமல் கொடுப்பேன்: 400 கிலோ நிறையுள்ள ஒரு பொருள் பூமியின் பிடியிலிருந்து விடுபட வேண்டுமானால், தரையிலிருந்து என்ன வேகத்தில் கிளம்ப வேண்டும்? காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஒரு மாணவி கொண்டுவந்த விடை, வினாடிக்கு 224 கிலோமீட்டர். சரியான விடை 11.2. அவளுடையது அதைப்போல் இருபது மடங்கு. 400-இன் வர்க்கமூலம் 20 என்பது நினைவுக்கு வந்ததும் பிழை பிடிபட்டுவிட்டது. நோட்டைப் புரட்டினால் v = √(2GMm/R) என்று இருந்தது. M பூமியின் நிறை, R பூமியின் ஆரம், m எறியப்படும் பொருளின் நிறை. அந்தச் சின்ன m அங்கே இருக்கக் கூடாது.

“கனமான பொருளுக்கு அதிக வேகம் வேணும்தானே சார்?” என்று கேட்டாள். நியாயமான சந்தேகம்தான். கனமான பொருளைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது, அதை அனுப்ப அதிக எரிபொருளும் ஆகிறது. ஆனால் கணக்கு கேட்பது ஆற்றலை அல்ல, வேகத்தை. பொருளிடம் இருக்க வேண்டிய இயக்க ஆற்றல் ½mv². பூமியின் பிடியை விட்டு விலக அது செலவழிக்க வேண்டியது GMm/R. நிறை இரு மடங்கானால் செலவும் இரு மடங்கு, அதே வேகத்தில் கையிருப்பும் இரு மடங்கு. இரண்டையும் சமன்படுத்தினால் m இரு பக்கமும் அடிபட்டுப் போய், v = √(2GM/R) மட்டும் மிஞ்சும். அந்த மாணவி வலப்பக்கத்தில் m-ஐ எழுதிவிட்டு, இடப்பக்கத்தில் வெறும் ½v² என்று போட்டிருந்தாள். பெரும்பாலோர் தவறுவது இந்த ஒரே வரியில்தான்.

இந்தப் பிழை ஒளிந்துகொள்ளவும் வல்லது. கணக்கில் 1 கிலோ என்று கொடுத்துவிட்டால், தவறான சூத்திரமும் 11.2 என்றே விடை தரும். ஆசிரியரும் சரி போட்டுவிடுவார். காட்டிக்கொடுப்பது அலகு. GM/R-ஐ வர்க்கமூலம் எடுத்தால் மீட்டர்/வினாடி கிடைக்கும். உள்ளே m நுழைந்தால் கூடவே கிலோகிராமின் வர்க்கமூலமும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு வேகம் கிடையாது.

அலகு பிடிக்காதவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டைச் சொல்வேன். ராணுவத் துப்பாக்கியின் 5.56 மில்லிமீட்டர் குண்டு சுமார் 4 கிராம். வினாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும். தவறான சூத்திரத்தில் 0.004 கிலோவைப் போட்டால் விடுபடு வேகம் வினாடிக்கு 708 மீட்டர்தான் வருகிறது. அதாவது வானத்தைப் பார்த்துச் சுட்ட குண்டு, காற்று மட்டும் குறுக்கே இல்லையென்றால், திரும்பி வரவே வராது! உண்மையில் அது நாற்பது கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்பிவிடும்.

சுற்றியக்க வேகத்திலும் இதே கதைதான். வட்டப்பாதையில் துணைக்கோளைப் பிடித்து வைப்பது ஈர்ப்பு விசை, GMm/r². வளைந்து செல்லத் தேவைப்படும் விசை mv²/r. மறுபடியும் m அடிபட்டு v = √(GM/r) வருகிறது. பூமிக்கு மிக அருகே அது வினாடிக்கு 7.9 கிலோமீட்டர். இதை √2-ஆல் பெருக்கினால் விடுபடு வேகம். ஆகவே “500 கிலோ துணைக்கோளின் வேகத்தை எத்தனை சதவீதம் கூட்டினால் அது பூமியை விட்டுப் போகும்?” என்ற கேள்விக்கு விடை 41.4 சதவீதம். அந்த 500 கிலோ எந்த வரியிலும் தேவைப்படாது. கொடுத்த எண்ணையெல்லாம் எங்காவது போட்டாக வேண்டும் என்ற பழக்கம்தான் பிள்ளைகளைக் கவிழ்க்கிறது.

2008 நவம்பரில் விண்வெளி வீராங்கனை ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர், சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது கருவிப் பை ஒன்று அவரிடமிருந்து நழுவிப் போனது. நிலையமோ சில நூறு டன். பை கீழே விழவில்லை, பின்தங்கியும் நின்றுவிடவில்லை. ஏறக்குறைய அதே பாதையில் மெல்ல மெல்ல விலகிச் சென்றது. மாதக்கணக்கில் சுற்றிய பிறகு 2009 ஆகஸ்டில் வளிமண்டலத்துக்குள் நுழைந்து அழிந்தது. அதைக் கீழே இறக்கியது அந்த உயரத்திலும் மிச்சமிருக்கும் மெல்லிய காற்று. தடை என்று வந்துவிட்டால் நிறைக்கும் பரப்புக்கும் பங்கு உண்டு. ஈர்ப்பு மட்டும் இருக்கும்வரை இல்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லியாக வேண்டும். பூமி அசையாமல் நிற்கிறது என்றே இதுவரை கணக்குப் போட்டோம். எதிரே இருப்பது பெரிய பொருளானால் பூமியும் அதை நோக்கி நகரும். அப்போது இரண்டுக்கும் இடையேயான வேகத்துக்கு M இருக்கும் இடத்தில் M + m வரும். பெருக்கலாக அல்ல, கூட்டலாக. நிலவின் நிறை பூமியின் நிறையில் 81-இல் ஒரு பங்கு, அதனால் வேகத்தில் சுமார் 0.6 சதவீதம் மாறும். என் மாணவியின் 400 கிலோவையும் இப்படிக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 11.2-க்குப் பின்னால் வரும் தசம இடங்களில் முதல் இருபதைத் தாண்டியும் எதுவும் மாறவில்லை.