பல்லக்கின் நடை: ஆங்கிலச் செய்யுளில் ஐயாம்பிக் சீரும் அதிலிருந்து விலகும் சீர்களும்

ஹோட்டல், பென்சில் என்னும் இரு சொற்களைத் தமிழ் யாப்பின்படி அலகிட்டுப் பார்ப்போம். ஹோட் / டல், பென் / சில் என இரண்டும் நேர் நேராகப் பிரிந்து தேமாவாகின்றன. நம் யாப்புக்கு இவற்றிடையே வேறுபாடு இல்லை. ஆங்கிலேயர் நாவிலோ இவை நேர் எதிரானவை. முதற்சொல்லில் அழுத்தம் பின்னசையிலும், இரண்டாம் சொல்லில் முன்னசையிலும் விழுகிறது. முன்னது ஐயாம்பிக் சீர், பின்னது ட்ரோக்கி. தமிழ் யாப்பு எழுத்தின் அளவையும் ஒற்றின் இருப்பையும் நோக்குகிறது. ஆங்கில யாப்பு அழுத்தத்தை நோக்குகிறது. கூவிளத்தை டாக்டில் என்றும் புளிமாவை அனபெஸ்ட் என்றும் கொள்ளும் எளிய ஒப்பீடு மாணவரை வழிதவறச் செய்வது இதனாலேயே.

இங்கு அசை என்று நான் குறிப்பது ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலிக்கூறு. நம் நிரையசையில் இத்தகைய கூறுகள் இரண்டு அடங்கும் என்பதை மனத்திற் கொள்க. அழுத்தமுள்ள அசையைத் ‘தம்’ என்றும் அழுத்தமற்றதைத் ‘த’ என்றும் குறித்தால் நான்கு சீர்களும் தெளிவாகும். ஐயாம்பிக், த தம். ட்ரோக்கி, தம் த. அனபெஸ்ட், த த தம். எஞ்சினியர் என்னும் சொல்லின் ஆங்கில ஒலிப்பு இதுவே. டாக்டில், தம் த த. ஹாஸ்பிட்டல் என்பது அதற்குச் சான்று.

ஆங்கிலச் செய்யுளில் ஐயாம்பிக் நடையே பெருவழக்கு. அம்மொழியில் பெயருக்கு முன்வரும் சிறுசொற்கள் மெலிந்தும் பெயர் வலிந்தும் ஒலிப்பதால், பேச்சே ‘த தம்’ என ஏறி நடக்கிறது. ஆகவே அந்நடை செவிக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அதிலிருந்து விலகும்போதுதான் கேட்பவர் நடையை உணரத் தொடங்குகிறார். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் பிற பாத்திரங்கள் பெரும்பாலும் ஐயாம்பிக்கில் பேச, சூனியக்காரிகளின் மந்திரம் ட்ரோக்கியில் அமைந்திருக்கிறது. முன்னறிவிப்பின்றி அழுத்தத்தோடு தொடங்கி இறங்கும் அந்நடை, மனிதப் பேச்சிலிருந்து விலகிய ஓர் ஒலியாகச் செவியில் விழுகிறது.

மூவசைச் சீர்களின் செயலைக் காண நம் நாட்டவர் ஒருவரின் கவிதையையே எடுத்துக்கொள்வோம். 1879இல் ஐதராபாத்தில் பிறந்த சரோஜினி நாயுடுவின் முதல் முக்கியத் தொகுதியான ‘தி கோல்டன் த்ரெஷோல்ட்’ 1905இல் இலண்டனில் வெளிவந்தது. அதில் ‘பல்லக்குத் தூக்கிகள்’ பற்றிய சிறு பாடல் ஒன்று உண்டு. மணப்பெண்ணைச் சுமந்து செல்வோர் பாடுவதாக அது அமைந்தது. ஆறடி கொண்ட இரு பத்திகள். மொத்தம் பன்னிரண்டு அடிகள்.

ஒவ்வோர் அடியிலும் நான்கு அழுத்தங்கள் உள்ளன. அழுத்தங்களுக்கிடையே எங்கும் இரண்டு மெல்லசைகள் வருகின்றன. பத்திதோறும் முதலடியும் ஐந்தாமடியும் அழுத்தத்தோடு தொடங்குகின்றன. அவற்றின் வடிவம் தம் த த, தம் த த, தம் த த, தம் என்பது. இது டாக்டில் நடை. இறுதிச் சீரில் இரு மெல்லசைகள் விடுபட்டு, அடி பத்து அசைகளில் முடிகிறது. மற்ற எட்டு அடிகளும் ஒரு மெல்லசையோடு தொடங்குகின்றன: த தம், த த தம், த த தம், த த தம். அசைகள் பதினொன்று. இதனை முதற்சீரில் ஒரு மெல்லசை குறைந்த அனபெஸ்ட் எனலாம்.

இப்போது விரைவைக் கணக்கிடுவோம். ஐயாம்பிக் ஐஞ்சீரடியிலும் பத்து அசைகளே உள்ளன. ஆனால் அழுத்தங்கள் ஐந்து. சரோஜினியின் பத்தசை அடியில் அழுத்தங்கள் நான்கு. அழுத்தத்துக்கு ஒரு தட்டாகச் சீராகக் கைதட்டிப் படித்தால், அதே பத்தசையை ஒரு தட்டு முன்னதாகவே முடித்துவிடுகிறோம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே ஒன்றுக்குப் பதில் இரண்டு மெல்லசைகள் செல்ல வேண்டியிருப்பதால் அவை விரைந்து ஒலிக்கின்றன. மூவசை நடையின் துள்ளல் பிறப்பது இவ்விடத்தில்தான்.

உணர்வு மாற்றம் அடித்தொடக்கத்தில் இருக்கிறது. டாக்டிலாகத் தொடங்கும் அடிகள் தூக்கிகளின் செயலைச் சொல்கின்றன. காலடி முதலில் ஊன்றப்படுகிறது. அடுத்த மூன்றடிகள் பெண்ணைச் சுட்டும் மெல்லிய சுட்டுப்பெயரோடு எழுகின்றன. ஊன்றிய அடியிலிருந்து பல்லக்கு உயர்ந்து அசைகிறது. நான்காமடி அழுத்தத்தில் முடிய, ஐந்தாமடி அழுத்தத்திலேயே தொடங்குவதால் இரு தட்டுகளுக்கிடையே மெல்லசை இல்லை. நாவு தானே ஒரு கணம் நிற்கிறது. சுமையைத் தோள் மாற்றும் தயக்கம் போல எனக்கு அது கேட்கிறது.

ஆங் மோ கியோவில் வளரும் நம் மாணவருக்கு இது ஏன் செவிப்படுவதில்லை? சிங்கப்பூரின் அன்றாட ஆங்கிலத்தில் அசைகள் பெரும்பாலும் ஒத்த கால அளவோடு ஒலிக்கின்றன. ஆங், மோ, கியோ என்னும் மூன்றையும் நாம் ஏறத்தாழச் சம எடையோடு சொல்வது போல. அவ்வொலிப்பில் குறையேதும் இல்லை; ஆனால் அதே முறையில் இப்பாடலைப் படித்தால் பத்தசையும் பதினோரசையும் மாறிமாறி வருவதாக மட்டுமே தோன்றும். கவிஞர் அளவு தவறிவிட்டார் என்று மாணவர் எண்ணுவார். அழுத்தத்தை மட்டும் எண்ணினால் எல்லா அடிகளும் நான்கே.

மற்றொரு பிழை தமிழ்ப் பயிற்சியிலிருந்தே வருகிறது. மோனையும் எதுகையும் அடியின் தலைப்பகுதியில் நிற்பதால், அடியின் முதற்சொல்லில் ஊன்றிப் படிக்கப் பழகியிருக்கிறோம். அப்பழக்கத்தால் சுட்டுப்பெயரை அழுத்தினால், ஏறவேண்டிய அடி ஏறாமல் விழுகிறது. இதனைக் கண்டறிய எளிய வழி உண்டு. பொருட்சொற்களில் மட்டும் கைதட்டுக. தட்டுகள் ஒழுங்காக விழாவிடில், ஏதோ ஒரு சிறுசொல்லில் தேவையற்ற அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அறிக.

இறுதியாக ஓர் எல்லை. அனபெஸ்ட் என்றால் மகிழ்ச்சி, டாக்டில் என்றால் துயரம் என்று வாய்பாடு வகுத்தல் ஆகாது. பைரன் 1815இல் சென்னாகெரிப்பின் படையழிவைப் பாடிய அனபெஸ்டில் குதிரைப்படையின் பாய்ச்சல் கேட்கிறது. வெட்டுண்ட மரங்களுக்காகக் கூப்பர் இரங்கியதும் அதே சீரில்தான். நகைச்சுவை லிமெரிக்கும் அச்சீரையே பெரிதும் நாடுகிறது. சீர் உடலுக்கு ஓர் அசைவைத் தருகிறது; அவ்வசைவு ஓட்டமா, தாலாட்டா, தள்ளாட்டமா என்பதைச் சொற்களே முடிவு செய்கின்றன. ஆகவே வகுப்பில் சீரின் பெயரைக் கேட்பதற்கு முன், அடியின் முதல் அழுத்தம் எங்கே விழுகிறது, அதற்கு முன் எத்தனை மெல்லசைகள் நிற்கின்றன என்று கேட்போம். பெயர் அதன்பின் தானே கிடைக்கும்.