வீடியோவை எங்கே நிறுத்தச் சொல்வது?

பாடத்தை வீட்டில் வீடியோவில் பார்த்துவிட்டு, கணக்கை வகுப்பில் வந்து போடுவதுதான் ‘தலைகீழ் வகுப்பறை’. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில் தங்கள் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதன் பிறகே இந்த முறை பரவலாகப் பேசப்பட்டது. வீடியோ எடுக்க இன்று ஒரு செல்போன் போதும். கஷ்டமெல்லாம் ஸ்கிரிப்டில்தான்.

ஆறாம் வகுப்புக்கு வேற்றினப் பின்னங்களின் கூட்டலை எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3. முழுக் கணக்கையும் போட்டுக் காட்டிவிட்டு, “புரிஞ்சுதா? நிறுத்தி யோசிங்க” என்று முடிக்கும் வீடியோக்கள் நிறைய. விடை கண்ணெதிரே இருக்கும்போது பிள்ளை எதை யோசிக்கும்? நிறுத்தம் விடைக்கு முன்னால் வர வேண்டும். எனவே ஸ்கிரிப்டின் முதல் கேள்வி இப்படி இருக்கலாம்: “கணக்கு போட வேண்டாம். விடை அரையைவிடப் பெருசா, சின்னதா? வீடியோவை நிறுத்தி, நோட்டுல எழுதுங்க.” சொல்லிவிட்டு, பத்து விநாடி பேசாமல் இருக்க வேண்டும். திரையில் கேள்வி மட்டும் நிற்கட்டும்.

மேலோடு மேலையும் கீழோடு கீழையும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைக்கு இங்கேதான் இடறும். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் அரையைவிடக் குறையுமா? அதன் பிறகு ஆறு கட்டம் போட்ட ஒரு பட்டையைக் காட்டலாம். பாதி என்பது 3 கட்டம், மூன்றில் ஒன்று 2 கட்டம். 3/6 + 2/6 = 5/6.

அடுத்தது 2/3 + 1/4. இதை முழுக்கப் போட்டுக் காட்டக் கூடாது. மீ.சி.ம. 12 என்பதையும் 8/12 என்பதையும் ஆசிரியர் எழுதிவிட்டு, 1/4-க்கு உரிய தொகுதியை வெற்றுக் கட்டமாக விட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். பகுதியை மட்டும் 12 ஆக்கிவிட்டு, தொகுதியில் 1-ஐ அப்படியே வைப்பவர்கள் உண்டு. மீண்டும் ஓட்டும்போது அந்தக் கட்டத்தில் 3 வரும். 11/12 என்று கணக்கு முடியும்.

மூன்றாவது கணக்குக்கு வீடியோவில் விடையே கிடையாது. 1/6 + 3/8. வழியோடு நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எண்களை இப்படித் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மறுநாள் காலையில் நோட்டுகளைப் பார்த்தால், யார் எங்கே சறுக்கினார்கள் என்பதை விடையே சொல்லிவிடும். 4/14 என்றால் மேலும் கீழும் கூட்டியிருக்கிறார். முதல் கட்டப் பட்டையிலிருந்தே அவரோடு தொடங்க வேண்டும். 4/24 என்றால் மீ.சி.ம. தெரிகிறது, தொகுதியை மாற்ற மறந்திருக்கிறார். 26/48 என்று எழுதியவர் தப்பு எதுவும் செய்யவில்லை. 6-ஐயும் 8-ஐயும் பெருக்கியிருக்கிறார், அவ்வளவுதான். 13/24 என்று சுருக்கச் சொன்னால் போதும். நோட்டு வெறுமையாக இருந்தால் வீடியோவைப் பார்க்கவில்லை, அல்லது வீட்டில் போன் கிடைக்கவில்லை. அவர்களுக்கு வகுப்பின் மூலையில் முதல் பத்து நிமிடம் வீடியோவை ஓட்டிவிட்டு, ஆசிரியர் 4/14 எழுதியவர்கள் பக்கத்தில் போய் உட்காரலாம்.