பழைய விலையை அழிக்காதீர்கள்

2022 நவம்பர் 5-ஆம் தேதி ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆனது. பச்சை, நீல பாக்கெட்டுகளின் விலையில் மாற்றம் இல்லை. பால் கார்டு வைத்திருந்தவர்களுக்கு ஆரஞ்சு பால் பழையபடி 46 ரூபாய்க்கே கிடைத்தது. ஒரே நாளில் 12 ரூபாய் ஏறியதைப் பற்றி அப்போது ஊரெல்லாம் பேசியது. கடைகளுக்குப் பால் போட்டுவிட்டு மாதக் கடைசியில் பணம் வாங்குகிறவர்களுக்கு அதோடு வேறொரு தலைவலியும் சேர்ந்தது. ஒன்றாம் தேதியில் மாறியிருந்தால் பரவாயில்லை. ஐந்தாம் தேதியில் மாறினால் அந்த மாதக் கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். தினமும் 10 லிட்டர் ஆரஞ்சு பால், பாக்கெட்டில் போட்ட விலைக்கே வாங்குகிறார்கள், மாதம் முடிந்ததும் பணம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரில் முதல் 4 நாளைக்கு 40 லிட்டர், 48 ரூபாய் வீதம் 1,920 ரூபாய். மீதி 26 நாளைக்கு 260 லிட்டர், 60 ரூபாய் வீதம் 15,600. ஆகமொத்தம் 17,520 ரூபாய். நோட்டில் எழுதுகிறவர் ஐந்தாம் தேதிக்கு மேல் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக் கூட்டிவிடுவார், தப்பு வராது.

கணக்கு கணினிக்குப் போன பிறகுதான் இந்தத் தொல்லை. பெரும்பாலான சிறு வியாபாரிகளின் எக்செல் கோப்பில் விலைக்கு ஒரு தனித் தாள் இருக்கும். ஆரஞ்சு என்ற பெயருக்கு நேரே 48 என்று ஓர் எண், அவ்வளவுதான். விற்பனைத் தாளில் ஒவ்வொரு வரியும் அந்த எண்ணை எடுத்து லிட்டரோடு பெருக்கிக்கொள்ளும். விலை ஏறிய அன்று 48-ஐ அழித்துவிட்டு 60 என்று அடிப்பார்கள். அடித்த கணமே நவம்பர் முதல் 4 நாளும் 60 ரூபாய்க்கு ஏறிவிடும், டீக்கடையின் பில் 18,000 ரூபாய் என்று வரும். 480 ரூபாய் கூடுதல். இதையாவது கடைக்காரர் பார்த்துச் சண்டைக்கு வருவார். யாரும் பார்க்காத இடத்தில் அதைவிடப் பெரிய தப்பு நடந்திருக்கும். பணம் வாங்கி முடித்துவிட்ட அக்டோபரின் 310 லிட்டர், 14,880 ரூபாயாக இருந்தது, 18,600 ஆகியிருக்கும். கடைக்காரர் 3,720 ரூபாய் பாக்கி வைத்திருப்பதாகக் கோப்பு சொல்லும். செப்டம்பர், ஆகஸ்ட் என்று பின்னால் போகப் போக எல்லா மாதமும் அப்படியே.

பழைய விலையை அழித்ததுதான் கோளாறு. விலை என்பது ஒரு பொருளுக்கு ஒன்று அல்ல. பொருளும் நாளும் சேர்ந்தால்தான் விலை. ஆகவே விலைத் தாளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி வேண்டும், அந்த வரியில் அது அமலுக்கு வந்த நாளும் வேண்டும். ஆரஞ்சு பாலுக்கு அந்தத் தாள் இப்படி இருக்கும்: 2019 ஆகஸ்ட் 19 முதல் 51 ரூபாய், 2021 மே 16 முதல் 48 ரூபாய், 2022 நவம்பர் 5 முதல் 60 ரூபாய். எந்த நாளில் விற்றாலும், அந்த நாளிலோ அதற்கு முன்போ அமலுக்கு வந்த வரிகளில் கடைசி வரி எதுவோ அதன் விலைதான் அன்றைய விலை. நவம்பர் 4-க்கு 2021 மே வரி பொருந்தும், நவம்பர் 5-க்கு அடுத்த வரி.

‘இந்த விலை இந்த நாள் வரை’ என்று முடிவு நாளுக்கும் ஒரு பத்தி வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்த வரி தொடங்கும்போது முந்தைய வரி தானாக முடிந்துவிடுகிறது. முடிவு நாளையும் கையால் எழுதினால் இரண்டு விலைக்கும் நடுவே ஒரு நாள் விட்டுப்போகும், அல்லது ஒரே நாளுக்கு இரண்டு விலை வரும். பொருளையே நிறுத்திவிட்டால் மட்டும் முடிவு நாள் தேவைப்படும்.

எக்செல்லில் இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. Vilai என்ற தாளில் A பத்தியில் பொருள், B பத்தியில் அமலுக்கு வந்த நாள், C பத்தியில் விலை. விற்பனைத் தாளில் A நாள், B பொருள், C லிட்டர். முதலில் D பத்தியில் அந்த விற்பனைக்குப் பொருந்தும் விலை நாளைத் தேட வேண்டும், பிறகு E பத்தியில் அந்த நாளின் விலையை எடுக்க வேண்டும், கடைசியாக F பத்தியில் பெருக்க வேண்டும்.

```
D2: =MAXIFS(Vilai!B:B,Vilai!A:A,B2,Vilai!B:B,"<="&A2)
E2: =SUMIFS(Vilai!C:C,Vilai!A:A,B2,Vilai!B:B,D2)
F2: =C2*E2
```

எக்செல் 2019-க்குப் பிந்தைய பதிப்புகளிலும் கூகுள் ஷீட்ஸிலும் இது ஓடும். ஒரே சூத்திரமாக எழுதவும் வழி உண்டு. ஆனால் D பத்தி கண்ணெதிரே இருப்பது நல்லது. ‘ஏன் 48 போட்டீர்கள்’ என்று யாராவது கேட்டால் பக்கத்திலேயே 2021 மே 16 என்று பதில் நிற்கும். கார்டுக்காரர்களின் விலைக்கு ‘ஆரஞ்சு கார்டு’ என்று தனிப் பொருளாகவே பெயர் வைத்துவிடலாம். 2022 நவம்பரில் அதற்குப் புது வரியே தேவைப்படாது, 46 அப்படியே ஓடும்.

தப்பு வந்தால் இந்த அமைப்பு அதைக் காட்டியும் கொடுக்கும். விலை 0 என்று வந்தால், அந்த நாளுக்கு முன் அந்தப் பொருளுக்கு விலை வரியே இல்லை, அல்லது பொருளின் பெயரை இரண்டு தாளிலும் வேறு வேறாக எழுதியிருக்கிறீர்கள். 60 வர வேண்டிய இடத்தில் 120 வந்தால், ஒரே நாளுக்கு ஒரே வரியை இரண்டு முறை அடித்திருக்கிறீர்கள். SUMIFS இரண்டையும் கூட்டிவிட்டது.

சத்தமில்லாமல் கெடுக்கும் தப்பு ஒன்று உண்டு, அது தேதியில் வரும். நாம் நாளை முதலில் எழுதுகிறோம், அமெரிக்க வழக்கத்தில் மாதம் முதலில். கணினி அமெரிக்க வழக்கத்தில் அமைந்திருந்தால், 05/11/2022 என்று அடித்ததை மே 11 என்று எடுத்துக்கொள்ளும். அப்படியானால் ஆறு மாதம் முன்பே விலை 60 ஆகிவிடும், ஜூன் மாதப் பாலும் 60 ரூபாய்க்கு ஏறும். 16/05/2021 என்று அடித்தால் கதை வேறு. பதினாறாவது மாதம் கிடையாது என்பதால் எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். சூத்திரம் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போய், 2019-ஆம் வருட வரி மட்டும் சரியான தேதியாகப் பதிந்திருந்தால் அதன் விலையான 51-ஐயே தொடரும். அடையாளம் எளிது. தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தேதியை 05-Nov-2022 என்று மாதப் பெயரோடு தெரியும்படி வைத்துக்கொண்டால் நாளும் மாதமும் இடம் மாறியது உடனே கண்ணில் படும்.

எந்த நாளின் விலை என்பதிலும் குழப்பம் வரும். அக்டோபரில் வாங்கிய பாலுக்கு டிசம்பரில் பணம் தந்தாலும் அது அக்டோபர் விலைதான். பணம் வந்த நாளுக்கும் விலைக்கும் சம்பந்தம் இல்லை. திரும்பி வரும் சரக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். நவம்பர் 4-ஆம் தேதி 24 ரூபாய்க்குக் கொடுத்த அரை லிட்டர் பாக்கெட் திரிந்துபோய் மறுநாள் திரும்பி வருகிறது. அதை 5-ஆம் தேதிக் கணக்கில் கழித்தால் 30 ரூபாய் கழியும். விற்காத ஆறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்ததாக ஆகும். திரும்பிய சரக்குக்கு அது விற்ற நாளையும் குறித்துக்கொண்டு, அந்த நாளின் விலைக்கே கழிக்க வேண்டும். வரிக்கும் இதே வழிதான். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்யின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 12 சதவீதத்தில் பில் போட்ட நெய் அந்த நாளுக்குப் பிறகு திரும்பி வந்தால், 12 சதவீத வரியைச் சேர்த்துத்தான் கழிக்க வேண்டும். ஆகவே வரி விகிதத்துக்கும் அமல் நாளோடு தனிப் பட்டியல் வேண்டும்.

சில சரக்குக்கு நாள் மட்டும் போதாது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் பெட்ரோல், டீசல் விலை தினமும் காலை 6 மணிக்கு மாறும் முறை வந்தது. காலை 5.50-க்குப் போட்ட பெட்ரோல் முந்தைய நாள் விலை. பங்க் கணக்கில் மணியும் சேர்ந்தால்தான் சரிவரும்.

டேலி போன்ற மென்பொருளில் விலைப்பட்டியலை அமல் நாளோடு பதியும் வசதி முன்பே இருக்கிறது. அதோடு, பில் போடும்போது இருந்த விலை அந்த பில்லிலேயே பதிந்து நின்றுவிடும், பட்டியலை மாற்றினாலும் பழைய பில் அசையாது. அப்படியானால் பட்டியல் எதற்கு? வாங்கியது எவ்வளவு என்று பில் சொல்கிறது, வாங்கியிருக்க வேண்டியது எவ்வளவு என்று பட்டியல் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புது விலை தெரியாமல் பழைய விலைக்கே பில் போட்ட நாட்கள் வெளியே வந்துவிடும். எக்செல்லிலும் பணம் வாங்கி முடித்த மாதத்தின் E பத்தியை நகலெடுத்து வெறும் மதிப்பாக ஒட்டிவிட்டால் இதே காப்பு கிடைக்கும்.

விலை ஏறியது எட்டாம் தேதிதான் தெரிய வந்தது என்றால்? பட்டியலில் ஐந்தாம் தேதி என்றே எழுத வேண்டும், பதிந்த நாள் எட்டு என்று பக்கத்தில் குறிப்பும் வேண்டும். நடுவில் ரொக்கமாக 48 ரூபாய்க்கு விற்றது விற்றதுதான், அந்த பில்லைத் திருத்தக் கூடாது. மாதக் கணக்குக்காரரிடம் சொல்லிவிட்டு வித்தியாசத்தைத் தனி வரியாகச் சேர்க்கலாம்.

அடுத்த முறை விலை மாறும்போது ஒன்று செய்யுங்கள். புது வரியைச் சேர்ப்பதற்கு முன் போன மாத மொத்தத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், சேர்த்த பிறகு மறுபடி பாருங்கள். ஒரு ரூபாய் மாறியிருந்தாலும், அது ஏன் என்று தெரியும்வரை புது மாத பில்லை யாருக்கும் கொடுக்காதீர்கள்.