பூட்டிய காரும் வழிப்போக்கரின் கடமையும்



திருநெல்வேலி மாவட்டம் பணகுடிக்கு அருகே 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நின்றிருந்த காரினுள் விளையாட்டாக ஏறிய மூன்று குழந்தைகள், கதவு பூட்டிக்கொண்டதால் மாண்டனர். இத்தகைய மரணங்களை மூச்சுத் திணறல் என்றே பலர் எண்ணுவர். உண்மையில் பெரும் பகைவன் வெப்பமே. கண்ணாடி வழியே புகும் வெயில் இருக்கைகளைச் சுட வைக்கிறது. சூடேறிய காற்றோ வெளியேற இயலாது. அமெரிக்காவில் செய்து 2005-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 22 டிகிரி உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிற்று. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்ததால் பெரும் பயன் விளையவில்லை. வெளியே 36 டிகிரியானால், அரை மணியில் உள்ளே 54 டிகிரியை எட்டலாம். குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும்.

எங்கள் வாலாஜாபாத் கடைத்தெருவில் வெயிலில் நிற்கும் கார்களைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். உள்ளே குழந்தை துவண்டு கிடந்தால், பிறர் காரின் கண்ணாடியை நாம் உடைக்கலாமா?

இதற்கெனத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆயினும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவு துணை நிற்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 81-ஆம் பிரிவே அது. பெருந்தீ பரவாமல் தடுக்க ஒருவன் அயலார் வீட்டை இடிப்பதை அச்சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. ஆபத்து உடனடியானதாகவும், செய்தவன் நோக்கம் உயிரையோ உடைமையையோ காப்பதாகவும் இருந்தால், அது குற்றமாகாது. ஆனால் 'நல்லெண்ணம்' என்பதற்குச் சட்டம் தரும் பொருள், தக்க கவனத்தோடு செய்தல் என்பதாகும்.

அக்கவனம் யாது? முதலில் எல்லாக் கதவுகளையும் இழுத்துப் பாருங்கள். ஒருவரை உரிமையாளரைத் தேட அனுப்பி, மற்றொருவரை 112-க்கு அழைக்கச் சொல்லுங்கள். குழந்தை விழிப்போடு இருந்து அழுதால் காவலர் வரும் வரை சிறிது பொறுக்கலாம்; துவண்டாலோ பதில் தராவிட்டாலோ பொறுக்கலாகாது. சாட்சிகளை வைத்துக்கொண்டு, குழந்தைக்கு மிகத் தொலைவான பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான கடினப் பொருளால் தட்டுங்கள். முன்கண்ணாடி இரட்டை அடுக்குடையது, எளிதில் பெயராது. வெளியே எடுத்த குழந்தையை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, 108-ஐ அழையுங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் நீர் ஊற்றலாகாது.

விட்டுச் சென்றவர் நிலை என்ன? கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. மரணம் நேராவிடினும், தம் பொறுப்பிலுள்ள குழந்தையை வேண்டுமென்றே புறக்கணித்தவருக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. நாய் முதலிய பிராணிகளைத் துன்புறுத்துதல் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தின்படி குற்றமே. எனினும் முதற்குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். பிராணியைக் காக்கக் கண்ணாடி உடைத்தவரும் 19-ஆம் பிரிவையே நாடலாம். ஆனால் அவசரம் இருந்ததா என்பதை நீதிமன்றம் நிகழ்ச்சியை ஆராய்ந்தே முடிவு செய்யும். ஆகவே 112-க்குச் செய்த அழைப்பும் உடனிருந்த சாட்சியுமே உங்களுக்குக் கேடயமாகும்.