தொலைபேசி உரையாடல் பதிவுகளில் உணர்ச்சி மதிப்பீடு

தொலைபேசி உரையாடல் பதிவுகளில் உணர்ச்சி மதிப்பீடு என்பது, பதிவு செய்யப்பட்ட அழைப்பொன்றில் பேசுபவரின் குரலை அளந்து, அவர் மன அழுத்தத்திலோ சினத்திலோ இருக்கிறாரா என்பதைக் கணினியைக் கொண்டு ஊகிக்கும் முறையாகும். வாடிக்கையாளர் சேவை மையங்களில் ஆயிரக்கணக்கான பதிவுகளுள் எவற்றை மேலாளர் முதலில் கேட்க வேண்டும் எனத் தெரிவு செய்ய இது பயன்படுகிறது. பேசப்படும் சொற்களின் பொருளை ஆராய்வது இதிலிருந்து வேறுபட்டது. இக்கட்டுரை குரலின் ஒலிப்பண்புகளை மட்டும் நோக்குகிறது.

அளக்கப்படும் பண்புகள்

மனம் கிளர்ச்சியுறும்போது மூச்சின் வேகமும் தொண்டைத் தசைகளின் இறுக்கமும் கூடுகின்றன. இறுகிய குரல்நாண்கள் விரைவாக அதிர்வதால் குரலின் அடிப்படை அதிர்வெண் உயர்கிறது. இதையே பேச்சுவழக்கில் சுருதி உயர்தல் என்கிறோம். ஒலியின் உரப்பு, பேச்சின் வேகம், இடைநிறுத்தங்களின் நீளம், உயர் அதிர்வெண் பகுதியில் உள்ள ஆற்றலின் பங்கு ஆகியனவும் மாறுகின்றன. 2016இல் வெளியான eGeMAPS என்னும் பண்புத் தொகுதி இத்தகைய 88 அளவுகளை வரையறுத்துள்ளது. அண்மைக்காலத்தில் wav2vec 2.0 போன்ற நரம்பு வலையமைப்புகள் பண்புகளைத் தாமே கற்றுக்கொள்கின்றன. எனினும் முறை எங்கே பிழைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அடிப்படை அதிர்வெண் ஒன்றே போதுமானது.

அடிப்படை அதிர்வெண்ணைக் கணித்தல்

வழக்கமான தொலைபேசிப் பதிவில் நொடிக்கு 8000 மாதிரிகள் உள்ளன. மென்பொருள் இதனை 40 மில்லி நொடி, அதாவது 320 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டையும் அதன் சற்றே நகர்த்தப்பட்ட படியுடன் ஒப்பிட்டு, எத்தனை மாதிரிகள் நகர்த்தும்போது இரண்டும் மிக நன்றாகப் பொருந்துகின்றன எனத் தேடுகிறது. 64 மாதிரிகள் நகர்த்தும்போது பொருந்தினால் அலை 64 மாதிரிகளுக்கு ஒருமுறை மீள்கிறது என்று பொருள். எனவே அதிர்வெண் 8000/64 = 125 ஹெர்ட்ஸ். இது ஆண் ஒருவரின் அமைதியான குரலுக்குரிய அளவே. அதே மனிதர் சினந்து பேசும்போது 50 மாதிரிகளில் பொருந்துவதாகக் கொண்டால், அதிர்வெண் 160 ஹெர்ட்ஸ் ஆகும்.

160 ஹெர்ட்ஸ் என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை. பெண்கள் பலரின் இயல்பான குரல் 200 ஹெர்ட்ஸை ஒட்டியே அமைகிறது. எனவே ஒவ்வொருவரையும் அவரது இயல்பு நிலையுடனேயே ஒப்பிட வேண்டும். அவ்வேறுபாடு இசையில் உள்ளதுபோல அரைச்சுரங்களில் அளக்கப்படுகிறது:

```
12 × log2(160 / 125) = 4.3
```

இயல்பு நிலையை எங்கிருந்து பெறுவது என்பது அடுத்த சிக்கல். பல அமைப்புகள் அழைப்பின் முதல் சில பத்து நொடிகளை இயல்பாகக் கொள்கின்றன. ஆனால் நெடுநேரம் காத்திருக்கவைக்கப்பட்டவர் முதல் சொல்லிலேயே சினத்துடன்தான் தொடங்குவார். அவரது சினமே அளவுகோலாகிவிடுவதால், அழைப்பு முழுவதும் அவர் அமைதியாகப் பேசியதாக அறிக்கை கூறும்.

தொலைபேசியால் நேரும் பிழை

வழமையான தொலைபேசித் தடம் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே கடத்துகிறது. 125 ஹெர்ட்ஸ் இவ்வெல்லைக்குக் கீழே உள்ளது. ஆகவே அடிப்படை அதிர்வெண்ணை அளப்பதாகச் சொல்லும் மென்பொருளுக்கு அந்த அதிர்வெண் பெரும்பாலும் வந்து சேர்வதே இல்லை. 375, 500, 625 என அதன் மடங்குகள் மட்டுமே வருகின்றன. அவற்றின் இடைவெளியிலிருந்து 125 ஊகிக்கப்படுகிறது. நமது காதும் தொலைபேசியில் இதையே செய்கிறது.

சில உயிரொலிகளில் 500 ஹெர்ட்ஸைச் சூழ்ந்த பகுதி மிகவும் ஓங்கி ஒலிக்கும். அப்போது 32 மாதிரிகள் நகர்த்தினாலும் அலை ஏறத்தாழப் பொருந்திவிடும். மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டால் கிடைக்கும் விடை 250 ஹெர்ட்ஸ், அதாவது உண்மையின் இருமடங்கு. அமைதியாகப் பேசிய ஒருவரின் துண்டுகளில் கால் பங்கு இவ்வாறு பிழைத்ததாகக் கொள்வோம்:

```
0.75 × 125 + 0.25 × 250 = 156
```

சராசரி 156 ஹெர்ட்ஸ். இது சினந்து பேசியபோது கிடைத்த 160க்கு மிக அருகில் உள்ளது. மனிதர் குரலை உயர்த்தவேயில்லை. இருப்பினும் அவர் பெயருக்கு எதிரே சினம் எனக் குறிக்கப்படும்.

இப்பிழையைக் கண்டறிவது கடினமன்று. சராசரிக்குப் பதிலாக இடைநிலை எண்ணைப் பார்த்தால் அது இன்னும் 125 அளவிலேயே நிற்கும். அதிர்வெண்களின் பரவலை வரைந்தால் ஒன்று மற்றொன்றின் சரியான இருமடங்காக இரு மேடுகள் தோன்றும். உண்மையான சினத்தில் மேடு ஒன்றாகவே இருந்து, மேல்நோக்கி நகர்ந்து, அகன்றும் போகும். இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமலேயே அறிக்கை தரும் மென்பொருளை நம்புவதற்கில்லை.

உரப்பும் நம்பத்தக்கதன்று. பல கருவிகள் மெல்லிய ஒலியைப் பெருக்கியும் உரத்த ஒலியைக் குறைத்தும் சமன்செய்துவிடுகின்றன. மேலும் இரைச்சலான சாலையில் நிற்பவர் தம்மை அறியாமலேயே உரக்கவும் உயர்ந்த சுருதியிலும் பேசுவார். 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் விளக்கிய இவ்விளைவு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பேருந்து நிலையத்தில் இருந்து அழைப்பவரும் சினந்தவரும் இவ்வளவுகளில் பெரிதும் ஒத்திருப்பர்.

கிளர்ச்சியும் உணர்ச்சியும்

பிழைகள் அனைத்தையும் நீக்கினாலும் ஒரு வரம்பு எஞ்சுகிறது. மேற்கண்ட பண்புகள் மனக்கிளர்ச்சியின் அளவைக் காட்டுகின்றனவே அன்றி, அது இன்பமா துன்பமா என்பதைத் தெளிவாகக் காட்டுவதில்லை. பெருமகிழ்ச்சியும் கடுஞ்சினமும் சுருதி, உரப்பு, வேகம் மூன்றையும் ஒரே திசையில் உயர்த்துகின்றன. மறுபுறம், துயரத்தால் தளர்ந்த குரலும் களைப்பால் தளர்ந்த குரலும் ஒன்றுபோல ஒலிக்கின்றன.

ஆய்வுத் தரவுகளின் தன்மையும் இங்கு கவனிக்கத்தக்கது. 2005இல் வெளியான பெர்லின் உணர்ச்சித் தரவுத்தளத்தில் பத்து நடிகர்கள் ஏழு உணர்ச்சிகளை நடித்துக் காட்டினர். அத்தகைய பதிவுகளில் கணினிகள் உயர்ந்த துல்லியத்தைக் காட்டுகின்றன. 2009இல் நடந்த இன்டர்ஸ்பீச் போட்டியில் ரோபோ நாயுடன் குழந்தைகள் நடிப்பின்றிப் பேசிய பதிவுகள் அளிக்கப்பட்டன. ஐந்து வகைகளாகப் பிரிப்பதில் சிறந்த முறைகளும் 40 விழுக்காட்டை ஒட்டியே நின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 20 விழுக்காடு கிடைத்திருக்கும். விற்பனைத் துண்டுப்பிரசுரங்களில் காணும் துல்லியம் எவ்வகைத் தரவில் பெறப்பட்டது எனக் கேட்பது நல்லது.

பொய்யைக் கண்டறியும் முயற்சிகள்

அழுத்தம் இருந்தால் பொய் இருக்கும் என்ற எண்ணத்தில் இம்முறையை நீட்டியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஓக்லகோமாவில் சிறைப்பட்டவர்களிடம் அண்மைய போதைப்பொருள் பயன்பாடு பற்றிக் கேட்டு, விடைகளைச் சிறுநீர்ப் பரிசோதனையுடன் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று நடந்தது. பொய் சொன்னவர்களில் சுமார் 15 விழுக்காட்டினரையே குரல் அழுத்த மென்பொருள்கள் பிடித்தன. பிரித்தானியாவில் அரசின் உதவித்தொகை கோரி அழைப்போரிடம் 2007 முதல் நடத்தப்பட்ட சோதனை 2010இல் கைவிடப்பட்டது.

சட்ட நிலை

தன் வாடிக்கையாளர் அழைப்புகளில் உணர்ச்சியைத் தானியங்கியாக மதிப்பிட்ட ஒரு வங்கிக்கு, அழைப்பவர்களுக்கு அதை முறையாகத் தெரிவிக்காத காரணத்தால், ஹங்கேரியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் 250 மில்லியன் ஃபோரின்ட் தண்டம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை அறிவாண்மைச் சட்டம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, பணியிடத்தில் பணியாளரின் உணர்ச்சியை ஊகிப்பதை 2025 பெப்ரவரி 2 முதல் தடைசெய்தது. அத்தடை பணியாளருக்கே உரியது. அதே அழைப்பின் மறுமுனையில் பேசும் வாடிக்கையாளரை அது உள்ளடக்கவில்லை. இரு குரல்களும் ஒரே தடத்தில் கலந்து பதிவாகியிருந்தால், ஒருவரை விடுத்து மற்றவரை மட்டும் அளப்பதற்கு முதலில் இருவரையும் பிரித்தாக வேண்டும். அப்பிரிப்பிலும் பிழைகள் உண்டு.