சம்பளம் எங்கே நிற்கிறது?

“தொழில்நுட்பக் கோளாறால் சம்பளம் தாமதமாகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.” மாதக் கடைசியில் இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் யாருக்கும் நிம்மதி வராது. ஐந்தாம் தேதி வீட்டுக்கடன் தவணை பிடிக்கப்படும் ஊழியருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பணம் எங்கே நிற்கிறது?

கணக்குப் பிரிவு, ஊழியரின் பெயர், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, தொகை எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி வங்கிக்கு அனுப்புகிறது. வங்கி நிறுவனத்தின் கணக்கில் பணத்தை எடுத்து, பெரும்பாலும் நெஃப்ட் வழியாக மற்ற வங்கிகளுக்கு அனுப்புகிறது. 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் இரவு பகலாக, அரை மணிக்கு ஒரு தடவை நடக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமையைக் காரணம் காட்டுவது இனி எடுபடாது.

யாருக்குமே சம்பளம் வரவில்லை என்றால், பெரும்பாலும் கோப்பிலோ அதற்கான ஒப்புதலிலோ சிக்கல். ஒரே வங்கியில் கணக்கு வைத்திருக்கும் சிலருக்கு மட்டும் வரவில்லை என்றால், அந்த வங்கியையோ ஐஎஃப்எஸ்சியையோ பார்க்க வேண்டும். கனரா வங்கியோடு இணைந்த சிண்டிகேட் வங்கியின் பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் 2021 ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. சம்பளப் பட்டியலில் அவற்றை மாற்றாமல் விட்டால் பணம் போய்ச் சேராது.

இதையெல்லாம் அறிந்த ஒரு நிறுவனம் எழுத வேண்டிய அறிவிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“ஜூலைச் சம்பளக் கோப்பை 31ஆம் தேதி மாலை 4 மணிக்கு வங்கிக்கு அனுப்பினோம். எங்கள் மென்பொருள் ஒரு கிளையின் பட்டியலை இருமுறை சேர்த்துவிட்டது. மொத்தத் தொகை ஒத்துப்போகாததால் வங்கி முழுக் கோப்பையும் திருப்பிவிட்டது. யாருக்கும் பணம் போகவில்லை. திருத்திய கோப்பு நாளை காலை 11 மணிக்குப் போகும். மாலை 3 மணிக்குள் பணம் வரவாகும். தவறு எங்களுடையது, மன்னியுங்கள். இதனால் உங்கள் தவணை திரும்பி வங்கி அபராதம் பிடித்திருந்தால், பாஸ்புக் பதிவைக் காட்டுங்கள். அந்தத் தொகையைத் தந்துவிடுகிறோம்.”

இதில் ‘விரைவில்’ என்ற சொல்லே இல்லை, நேரம் இருக்கிறது. பழியை வங்கி மேல் போடவும் இல்லை. கடைசி வரிதான் உண்மையான மன்னிப்பு என்பேன், மற்றதெல்லாம் மரியாதை.

வங்கியே தாமதித்தால் கதை வேறு. நெஃப்ட் பணத்தை உரிய தொகுதி முடிந்த 2 மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்பியனுப்ப வேண்டும். தவறினால் ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டி, வாடிக்கையாளர் கேட்காமலே வட்டி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

‘அனுப்பிவிட்டோம்’ என்று நிறுவனம் சொல்லியும் பணம் வராவிட்டால், யூடிஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நெஃப்ட் பரிமாற்றத்துக்கும் அப்படியொரு எண் உண்டு. அதைத் தர முடியவில்லை என்றால், பணம் இன்னும் கிளம்பவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.