பெரிய துறைக்கே முதல் வெட்டு

ஒரு கல்லூரியின் கைவசம் 192.168.10.0/24 என்ற முகவரித் தொகுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி எண் 0 முதல் 255 வரை, மொத்தம் 256 முகவரிகள். கணினி ஆய்வகத்தில் 100 கணினிகள், நூலகத்தில் 50, அலுவலகத்தில் 25, கணக்குப் பிரிவில் 10. நான்காகச் சமமாகப் பிரித்தால் துறைக்கு 64 வரும். ஆய்வகத்துக்கு அது போதாது. கணக்குப் பிரிவிலோ பெரும்பகுதி வீணாகும்.

ஒரு தாளில் நீண்ட பட்டை ஒன்றை வரையுங்கள். இடது முனையில் 0, வலது முனையில் 255. பட்டையைச் சரிபாதியாக வெட்டி, இடது பாதியின் 128 முகவரிகளை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். மீதியை மறுபடி பாதியாக்கினால் 64 நூலகத்துக்கு. அடுத்த பாதி 32 அலுவலகத்துக்கு. அதற்கடுத்த 16 கணக்குப் பிரிவுக்கு. கடைசி 16 பின்னாளில் வரும் துறைக்குக் காலியாக நிற்கட்டும்.

ஒவ்வொரு துண்டிலும் முதல் முகவரி அந்தத் துண்டின் பெயர். கடைசி முகவரி எல்லோருக்கும் ஒரேயடியாகச் செய்தி அனுப்ப. இரண்டையும் கணினிக்குக் கொடுக்கக் கூடாது. ரூட்டருக்கும் ஒன்று தேவை. ஆகவே 16 உள்ள துண்டில் 13 கணினிகளுக்குத்தான் இடம்.

மாஸ்க்கின் கடைசி எண்ணைக் கண்டுபிடிக்க, 256-லிருந்து துண்டின் அளவைக் கழித்தால் போதும். நூலகத்துக்கு 256 − 64 = 192. படத்தில் ஆய்வகம் தொடங்கி வரிசையாக இப்படி எழுதலாம்:

```
192.168.10.0/25     255.255.255.128
192.168.10.128/26   255.255.255.192
192.168.10.192/27   255.255.255.224
192.168.10.224/28   255.255.255.240
```

சிறிய துறையிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? கணக்குப் பிரிவுக்கு 0–15 கொடுத்துவிட்டு, அலுவலகத்தின் 32-ஐ 16-இல் தொடங்க முடியாது. 32 அளவுள்ள துண்டு 0, 32, 64 என 32-இன் மடங்கில்தான் தொடங்கும். 16 முதல் 31 வரை நடுவில் ஓட்டை விழும். பெரியதிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தால் எல்லைகள் தாமாகவே சரியான இடத்தில் அமைகின்றன.

மாஸ்க் தவறினால் கோளாறு மறைந்து நிற்கும். நூலகக் கணினி ஒன்றில் பழக்கதோஷத்தில் 255.255.255.0 என்று போட்டுவிட்டார்கள் என்று கொள்வோம். நூலகப் பிரிண்டர் வேலை செய்யும், இணையமும் வரும். அலுவலக சர்வர் மட்டும் கிடைக்காது. 0 முதல் 255 வரை எல்லாமே தன் துறைதான் என்று நம்பும் அந்தக் கணினி, சர்வரை ரூட்டர் வழியாகத் தேடாமல் நூலகத்துக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ரூட்டர் சர்வரின் சார்பில் பதில் சொல்லும்படி அமைக்கப்படாதவரை இதுதான் நிலைமை.

இணையம் வருகிறது, பக்கத்துத் துறை மட்டும் வரவில்லை என்று யாராவது சொன்னால், வயரைச் சோதிக்கும் முன் அந்தக் கணினியின் மாஸ்க்கைப் பட்டைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.